நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்த படம்: காவேரிப்பட்டணத்து வீடு ஒன்றின் ஃபைபர் டிவி பழுது

பின்னணி

வீடு காவேரிப்பட்டணத்தில் இருக்கிறது. கீழே ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும், மாடியில் மகன் குடும்பம். மகன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் திட்டம். அதே ஃபைபரில் டிவி சேனல்களும் செட்டாப் பாக்ஸ் வழியாக வருகின்றன.

ஃபைபர் வந்து முடிகிற ஓஎன்டி பெட்டி முன் அறையில் உள்ளது. அங்கிருந்து சுவருக்குள் ஒரே ஒரு லேன் வயர் ஹாலில் உள்ள டிவி அலமாரிக்குப் போகிறது. வீடு கட்டும்போது அந்த ஒன்றுதான் போட்டார்கள். முதல் எட்டு மாதம் அந்த வயர் நேராகச் செட்டாப் பாக்ஸில் செருகப்பட்டிருந்தது. டிவியில் ஒரு குறையும் இல்லை. ஓஎன்டியின் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்பதுதான் இருந்த ஒரே புகார்.

அதற்காக மகன் ஒரு நல்ல ரூட்டர் வாங்கி டிவி அலமாரியில் வைத்தார். சுவரிலிருந்து வரும் வயர், ரூட்டரில் வெளி இணைப்புக்கென்று இருக்கும் வேன் போர்ட்டுக்குப் போனது, ஹால் செட்டாப் பாக்ஸ் ரூட்டரின் லேன் போர்ட்டுக்கு வந்தது. ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிட்டார்கள். அதே வாரம் மாடிக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கி, வயர் இல்லாமல் புது ரூட்டரின் வைஃபையில் இணைத்தார்கள். சிக்கல் அந்த வாரம்தான் தொடங்கியது. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் நடந்ததால், எது எதற்குக் காரணம் என்று வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

என்னிடம் வருவதற்கு முன்

ஆபரேட்டரின் ஆள் இருமுறை வந்து போயிருக்கிறார். ஃபைபர் முனையை மாற்றினார். ஒளி அளவு மைனஸ் 19 டிபிஎம் இருந்தது, குறை சொல்ல முடியாத அளவு. ஹால் பாக்ஸையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் முறை, தன் கையில் இருந்த பாக்ஸை நேராக ஓஎன்டியில் மாட்டிப் பத்து நிமிடம் பார்த்தார். படம் நிற்கவில்லை. "லைன் சுத்தமா இருக்கு, உங்க ரூட்டர்லதான் ஏதோ" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். அந்த "ஏதோ" என்ன என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மகனோ ரூட்டர்மேல் சந்தேகப்படத் தயாராக இல்லை. ஸ்பீட் டெஸ்டில் 90க்கு மேல் வருகிறது, யூடியூப் தங்கு தடையில்லாமல் ஓடுகிறது, டிவி மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்பது அவர் கேள்வி. யூடியூப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டமாக வருகிறது. முன்கூட்டியே சில விநாடிகள் சேர்த்து வைத்துக்கொள்ளும், தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். செட்டாப் பாக்ஸின் சேனல் மல்டிகாஸ்ட். ஒரு சேனலுக்கு ஒரே ஓட்டம்; வேண்டும் என்று கேட்ட வீட்டுப் பக்கம் அது திருப்பிவிடப்படும். தொலைந்தது தொலைந்ததுதான். ஆகவே ஸ்பீட் டெஸ்ட் டிவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கணவருக்கு வருகிறது, மனைவிக்கு நிற்கிறது

நான் போனபோது வீட்டில் ஒரு சின்ன வழக்கே நடந்துகொண்டிருந்தது. "எனக்கு நல்லாத்தான் வருது தம்பி, இவ ஏதோ பட்டனை அழுத்திடறா" என்றார் ஆசிரியர். "நான் ரிமோட்டைத் தொடறதே இல்லப்பா, அதுவா நின்னு போகுது" என்றார் அம்மா. டிவி ஒன்று, பாக்ஸ் ஒன்று, வயர் ஒன்று.

இருவர் சொல்வதும் உண்மை என்று எடுத்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். ஆசிரியர் செய்தி பார்ப்பவர். இரண்டு நிமிடம் ஒரு சேனல், அப்புறம் அடுத்தது. அம்மா சீரியல் பார்ப்பவர். அரை மணி நேரம் ஒரே சேனலில் இருப்பார். ஒரே சேனலில் நீண்ட நேரம் இருந்தால்தான் நிற்கிறது என்றால் ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது.

ஒரு சேனலை வைத்துவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போட்டேன். 4 நிமிடம் 23 விநாடியில் படம் அப்படியே உறைந்தது. அதற்கு முன் ஒரு கட்டம்கூட உடையவில்லை. சேனலை மாற்றித் திரும்ப வந்தேன், உடனே வந்தது. அடுத்த முறை 4:27. மூன்றாம் முறை 4:25.

வயர் சரியில்லை என்றாலோ சிக்னல் குறைவு என்றாலோ இப்படி நிற்காது. அப்போது படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி கரகரக்கும், நேரம் காலம் இருக்காது. மணி அடித்த மாதிரி நிற்பது வேறு வகைப் பழுது.

பாக்ஸை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று எல்லோரும் நம்பியதற்கும் இதுதான் காரணம். மறுபடி போட்டதும் பாக்ஸ் சேனலைப் புதிதாகக் கேட்கிறது. கடிகாரம் முதலிலிருந்து ஓடுகிறது. கரண்ட் போய் வந்தாலும் அதே கதை.

நடுவில் ஒரு மலிவு சுவிட்ச்

சேனல் வேண்டும் என்று கேட்கும் மொழிக்கு ஐஜிஎம்பி என்று பெயர். பாக்ஸ் ஒரு சேனலுக்குப் போனதும் "இந்தக் குழு எனக்கு வேண்டும்" என்று ஓர் அறிக்கை அனுப்பும். அத்தோடு முடியாது. மேலே உள்ள கருவி வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை "யாராவது இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்கும், பார்ப்பவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை கேட்கும் நேரமும் பதிலுக்கான 10 விநாடியும் சேர்ந்து 260 விநாடி, அதாவது 4 நிமிடம் 20 விநாடி. அதுவரை பதில் இல்லையென்றால் பார்க்க ஆள் இல்லை என்று ஓட்டத்தை நிறுத்திவிடும். ஸ்டாப்வாட்ச் காட்டிய எண்ணும் இந்த எண்ணும் இவ்வளவு நெருங்கி இருந்ததால், எங்கோ பதில் போகவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. எங்கே என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

சுவர் வயருக்கும் ரூட்டருக்கும் நடுவில் என் பையில் இருந்த ஐந்து போர்ட் சாதா நெட்வொர்க் சுவிட்சை வைத்து, மூன்றாம் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டினேன். இந்த மாதிரி சுவிட்சுக்கு மல்டிகாஸ்ட் யாருக்கு வேண்டும் என்று தெரியாது. வந்ததை எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். மற்ற நேரத்தில் குறையாக இருப்பது ஒட்டுக்கேட்க வசதி.

```
sudo tcpdump -i eth0 -n igmp

20:11:04 IP 192.168.1.7 > 239.10.1.24: igmp v2 report 239.10.1.24
20:11:09 IP 192.168.1.7 > 239.10.1.24: igmp v2 report 239.10.1.24
20:12:30 IP 192.168.1.1 > 224.0.0.1: igmp query v2
20:14:35 IP 192.168.1.1 > 224.0.0.1: igmp query v2
```

192.168.1.7 என்பது ரூட்டர், 192.168.1.1 ஓஎன்டி, 239.10.1.24 சேனலின் குழு. சேனல் மாற்றியதும் ரூட்டர் இருமுறை கேட்கிறது. ஓஎன்டி 20:12:30க்கு விசாரிக்கிறது, பதில் இல்லை. 125 விநாடி கழித்து மறுபடி விசாரிக்கிறது, அதற்கும் பதில் இல்லை. 20:15:29க்குப் படம் நின்றது. கடைசி அறிக்கை 20:11:09. அதிலிருந்து சரியாக 260 விநாடி. ஸ்டாப்வாட்சில் சில விநாடிகள் கூடக் காட்டியது அந்த இரண்டாவது அறிக்கையால்தான்.

பாக்ஸின் கோரிக்கையை ஓஎன்டிக்கு எடுத்துச் சொல்லும் IGMP Proxy ரூட்டரில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஹால் பாக்ஸும் ரூட்டருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வேன் பக்கமிருந்து வரும் விசாரணையை ரூட்டரின் ஃபயர்வால், அழையா விருந்தாளி என்று வாசலிலேயே தடுத்துவிட்டது என்றுதான் முடிவு செய்தேன். கேள்வி காதில் விழாதவர் எப்படிப் பதில் சொல்வார்? முதல் கோரிக்கை உள்ளிருந்து வெளியே போவது, அதற்குத் தடை இல்லை. அதனால்தான் சேனல் வந்தது, அதனால்தான் நிலைக்கவில்லை.

முதல் முடிவும் என் தவறும்

ஃபயர்வாலில் ஐஜிஎம்பியை அனுமதிக்கும் ஒரு விதி போட்டால் போதும். ஆனால் அந்த ரூட்டரின் மென்பொருளில் அப்படி விதி எழுத இடமே இல்லை. அடுத்த வழி, ரூட்டரை ரூட்டர் வேலையிலிருந்து விடுவித்து வெறும் வைஃபை பெட்டியாக, அதாவது அக்சஸ் பாயின்ட் முறையில் வைப்பது. அப்போது நடுவில் ஃபயர்வாலும் இல்லை, ப்ராக்ஸியும் இல்லை. ஓஎன்டியின் விசாரணை நேராகச் செட்டாப் பாக்ஸின் காதுக்குப் போகும். ரூட்டருக்காகக் காசு கொடுத்தேனே என்று மகன் தயங்கினார். அவர் வாங்கியது வைஃபைக்காக, அது அப்படியே இருக்கும் என்றேன். சம்மதித்தார்.

இங்கே ஒரு தவறு செய்தேன். இந்த ரூட்டர் ஏற்கனவே ஏமாற்றியது, ஹால் பாக்ஸை அதன் வழியாக விட வேண்டாம் என்று நினைத்து, என் சாதா சுவிட்சை அலமாரியிலேயே விட்டேன். சுவர் வயர் சுவிட்சுக்கு. அதிலிருந்து ஒன்று ஹால் பாக்ஸுக்கு, ஒன்று வைஃபை பெட்டிக்கு. அரை மணி நேரம் சீரியல் நிற்காமல் ஓடியது. அம்மா காபி கொடுத்தார். நானும் நிம்மதியாகக் கிளம்பினேன்.

மறுநாள் மாலை மகன் போன் செய்தார். "அண்ணா, டிவி நல்லா இருக்கு. வைஃபைதான் செத்துப்போச்சு. மீட்டிங்ல நான் பேசறது யாருக்கும் கேக்கல." அம்மா டிவியை அணைத்தால் சரியாகிவிடுகிறதாம்.

போய்ப் பார்த்தேன். ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க, வைஃபையில் உள்ள லேப்டாப்பிலிருந்து ஓஎன்டிக்குப் பிங் போட்டால், ஹால் டிவி அணைந்திருக்கும்போது 4 மில்லிவிநாடி. டிவி ஓடும்போது 600, 800, நடுவே பதிலே இல்லை. ஒட்டுக்கேட்க உதவிய அதே குணம் இப்போது வினையாகிவிட்டது. ஹால் டிவிக்கு வரும் ஓட்டத்தை, எச்டி சேனலானால் சுமார் 8 எம்பிபிஎஸ், சுவிட்ச் வைஃபை பெட்டிக்கும் கொட்டியது. அந்தப் பெட்டி, யாரும் கேட்காத அந்த ஓட்டத்தைக் காற்றில் பரப்பிக்கொண்டிருந்தது.

சுவிட்சை எடுத்துவிட்டு ஹால் பாக்ஸை வைஃபை பெட்டியின் லேன் போர்ட்டில் மாட்டினேன். அதன் அமைப்பில் அணைந்து கிடந்த IGMP Snooping என்பதை இயக்கினேன். ஸ்னூப்பிங் இருந்தால், எந்தப் போர்ட்டிலிருந்து அறிக்கை வந்தது என்று பெட்டி கவனித்து, அந்தப் பக்கம் மட்டும் ஓட்டத்தை விடும். பிங் 4க்குத் திரும்பியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோமே என்று, சுவிட்சைத் திரும்ப மாட்டியும் பார்த்தேன்: ஸ்னூப்பிங் இயங்கும்போது வைஃபை தப்பித்தது, அணைத்தால் செத்தது. ஆகக் குணமாக்கியது ஸ்னூப்பிங்தான். ஆனாலும் சுவிட்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு ஃபர்ம்வேர் மாற்றத்தில் அந்த டிக் மறைந்துபோனால் மறுபடி நான்தான் வர வேண்டும்.

மாடி டிவி

மாடிப் பழுதின் முகமே வேறு. கட்டம் கட்டமாக உடைந்தது, ஒலி வெட்டி வெட்டி வந்தது, சேனல் போட்ட முதல் விநாடியிலிருந்து அப்படித்தான். கான்கிரீட் தளம் நடுவில் இருப்பதால் சிக்னல் போதவில்லை என்பது மகனின் முடிவு. மாடியில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி வைக்கலாமா என்று கேட்டார்.

வாங்குவதற்கு முன் ஒன்று பார்ப்போம் என்று, மாடி பாக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து ஹாலில், வைஃபை பெட்டிக்கு இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன். சிக்னல் முழுதாகக் காட்டியது. படம் அதேபோல உடைந்தது. ரிப்பீட்டர் பேச்சு அங்கேயே முடிந்தது.

வைஃபையில் ஒருவருக்கு மட்டும் போகும் தகவல், ரிஜிஸ்டர் தபால் மாதிரி. கொடுத்ததும் கையெழுத்து வாங்கும், வராவிட்டால் மறுபடி கொடுக்கும், கேட்பவர் பக்கத்தில் இருந்தால் வேகமாகக் கொடுக்கும். மல்டிகாஸ்ட் தண்டோரா மாதிரி. தண்டோரா போடுபவர் ஊர்க்கோடியில் இருப்பவருக்கும் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார், ஒருமுறைதான் சொல்வார், கேட்டதா என்று யாரையும் விசாரிக்க மாட்டார். அந்த மெதுவான வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸில் பல பெட்டிகளில் 1 எம்பிபிஎஸ். 5 கிகாஹெர்ட்ஸில் பொதுவாக 6. மாடி பாக்ஸுக்கு 2.4 மட்டுமே தெரியும். 8 எம்பிபிஎஸ் ஓட்டத்தை 1 எம்பிபிஎஸ் குழாயில் விட்டால் மிச்சம் வழிந்துதான் போகும். இரண்டரை எம்பிபிஎஸ் சாதா சேனல்கூட அதில் அடங்காது. வீட்டில் ஏதாவது ஒரு போன் தூக்க நிலையில் இருந்தால்கூட, அது விழித்துக் கேட்கும் நேரம்வரை மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளைப் பெட்டி நிறுத்திவைத்து மொத்தமாக அனுப்பும். பாக்ஸுக்கு அது விக்கி விக்கி வருவதாகத் தெரியும். பக்கத்தில் வைத்தும் பயனில்லாமல் போனது இதனால்தான்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. சில வைஃபை பெட்டிகள் மல்டிகாஸ்ட்டை, கேட்ட கருவிக்கு மட்டும் போகும் தபாலாக மாற்றிக் கொடுக்கும். இந்தப் பெட்டியிலும் அந்த வசதி இருந்தது. போட்டதும் மகன் முகம் மலர்ந்தது. பகல் முழுக்கப் படம் சுத்தமாக வந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் எல்லார் வீட்டு வைஃபையும் ஓடத் தொடங்கியதும் மணிக்கு மூன்று நான்கு முறை வெட்டியது. முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை. வயருக்கு வழியே இல்லாத வீடு என்றால் இத்தோடு நிறுத்தியிருப்பேன்.

வயர் இழுத்தது

சுவரைக் குடையக் கூடாது, வெளியே வயர் தொங்கவும் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. தேடியதில், பழைய கேபிள் டிவி காலத்தில் மொட்டை மாடியிலிருந்து ஹால் அலமாரிக்கு இறங்கிய குழாய் கிடைத்தது. மாடி அறையில் அதற்கு ஒரு பெட்டி வாயும் இருந்தது. உள்ளே பழைய கருப்பு வயர் சும்மா கிடந்தது. அதன் கீழ் முனையில் கேட் 6 வயரைச் சேர்த்து டேப் சுற்றி, மாடி வாயிலிருந்து பழையதை இழுத்தோம். பழையது வெளியே வர, புதியது உள்ளே ஏறியது. படிக்கட்டு வளைவில் ஒருமுறை மாட்டிக்கொண்டது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவியதும் நழுவியது. மொத்தம் 18 மீட்டர். அதே சுவரில் கரண்ட் வயர் போகும் குழாய் இதைவிட அகலமாக, வசதியாக இருந்தது. அதில் லேன் வயரை விடவே கூடாது என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

மாடி பாக்ஸ் வயருக்கு வந்ததும் உடைவது நின்றது. இரண்டு டிவியும் ஓடும்போது வைஃபை பிங் 5ஐத் தாண்டவில்லை.

பிறகு நடந்தது

மூன்றாவது வாரம் மாடியில் மறுபடி உடைகிறது என்று அழைப்பு. போய்ப் பார்த்தால், பெருக்கும்போது இழுபட்டு வயர் முனை பாதி வெளியே வந்திருந்தது. பாக்ஸ் யாரிடமும் சொல்லாமல் பழைய வைஃபைக்குத் தாவியிருக்கிறது. பாஸ்வேர்டு அதன் நினைவில் இருந்ததே. முனையைப் புதிதாக அடித்து, பாக்ஸின் அமைப்பில் வைஃபையை அணைத்துவிட்டேன். இனி வயர் கழன்றால் படமே வராது. அது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

ஒட்டுக்கேட்க வைத்த சுவிட்சை வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். கிளம்புவதற்கு முன் டிவியை மட்டும் பார்க்காமல், டிவி ஓடும்போது வைஃபை பிங்கையும் பார்ப்பேன். முதல் நாளே பார்த்திருந்தால் ஒரு நடை மிச்சம்.

புகார் வந்ததும் போனிலேயே கேட்பது இப்போது இரண்டு கேள்வி: படம் உடைகிறதா, உறைகிறதா? உறைந்தால், சேனல் போட்டு எத்தனை நிமிடத்தில்? நான்கரைக்குள் என்றால் பையில் சுவிட்சும் லேப்டாப்பும் போகும். ஆனால் 260 விநாடி வழக்கமான அமைப்பின் கணக்குதான். விசாரணை இடைவெளியை 60 விநாடியாக வைத்திருந்தால் 2 நிமிடம் 10 விநாடியிலேயே நிற்கும். அதனால் எண்ணைவிட, மூன்று முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். அந்த மூன்று முறையை எண்ணும் வேலையை வீட்டில் சீரியல் பார்ப்பவரிடம் கொடுக்கிறேன். செய்தி பார்ப்பவரிடம் கொடுப்பதில்லை.